பத்துக் கோடு

கம்பவுண்டர் சென்னகேசவனுக்கு அன்று காலையிலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. தின்ற இட்லியின் மேல் பழி போட முடியாது. பெரிய டாக்டர் வரதராஜுலு, ரவுண்ட்ஸ் நேரத்தில் எல்லார் முன்னாலும், சென்னகேசவன் எழுதிய நோட்டீஸைத் தூக்கி நர்ஸ் கோமளாவின் கையில் கொடுத்துவிட்டார்.

"அம்மணி, இதைப் படிச்சா நம்ம ஆளுகளுக்கு ஒண்ணும் விளங்கறதில்லை. நீ அவங்ககிட்டப் பேசற மாதிரியே எழுதிக் கொடு. ஆனா மருந்து விஷயத்துல இம்மிகூடப் பிசகக் கூடாது."

"சரிங்க டாக்டர்," என்றாள் கோமளா. இருபத்தாறு வயசு. மதராஸில் நர்ஸ் படிப்பு முடித்து வந்து பதினெட்டு மாசம்தான் ஆகிறது. சென்னகேசவன் இந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. எரியாமல் என்ன செய்யும்?

பீளமேட்டில் ஒரு மில் முதலாளி குடும்பம் நடத்திய தரும ஆஸ்பத்திரி அது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இலவசமாக இன்சுலின் கொடுத்தார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள யாரால் முடியும்? அதனால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, கூடவே ஒரு நோட்டீஸும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நோட்டீஸை 1955-இல் சென்னகேசவன் எழுதினார். "நீரிழிவு நோயாளர் கைக்கொள்ளத்தக்க நெறிமுறைகள்" என்று தலைப்பு. கண்ணாடிச் சட்டம் போட்டு மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. மனுஷன் தினமும் கதவைத் திறந்ததும் முதலில் அந்தச் சட்டத்தைத்தான் துடைப்பார், அப்புறம்தான் சாமி படம்.

வினை வந்தது யாகூப் என்பவரால். கோட்டைமேட்டில் டிரங்குப் பெட்டி செய்கிறவர். தொடையில் ஊசி போட்ட இடம் சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சிரிஞ்சை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, டீக்கு வைத்த வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்ததாகச் சொன்னார். நோட்டீஸில் என்ன போட்டிருந்தது? "கொதிநீரால் தூய்மையுறுத்தப்பெற்ற ஊசிக்குழல் வாயிலாக" என்று போட்டிருந்தது. அதைப் படித்து வேறு என்ன செய்வார் பாவம்.

இதில் என் தமிழின் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் சென்னகேசவனுக்குத் தோன்றியது. படிக்கத் தெரியாதவனுக்குப் பரிந்துகொண்டு, படித்தவனைத் தள்ளி வைக்கிறார்களே என்று பொருமினார்.

கோமளா வேலை செய்த விதம் அதைவிட எரிச்சலாக இருந்தது. மேஜையில் உட்கார்ந்து எழுதினாளா என்றால் இல்லை. யாகூப்பின் மனைவி ஜன்னத்தை வார்டு பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டாள். ஜன்னத் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கோமளா ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுப்பாள். ஜன்னத் அதை வாசித்து, அதில் உள்ளபடி செய்து காட்ட வேண்டும். ஊசி போட ஓர் எலுமிச்சம்பழம், புட்டியில் வெறும் தண்ணீர். ஜன்னத் எங்கே தயங்குகிறாளோ அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள்.

"சிரிஞ்சையும் ஊசியையும் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்த பிறகு பத்து நிமிஷம் கொதிக்கட்டும்" என்று எழுதினாள். ஜன்னத் அதைச் செய்துவிட்டு, ஆறட்டும் என்று குழாய்த் தண்ணீரில் கழுவப் போனாள். கோமளா கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே ஆற விடுங்கள். மறுபடி கழுவக் கூடாது" என்று அடுத்த வரியைச் சேர்த்தாள்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனால் செய்ய வேண்டியதைப் பற்றிய இடத்தில்தான் பெரிய தகராறு வந்தது. ஜன்னத் வாசித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையே குடுக்கச் சொல்றீங்க? அவரைக் கொன்னுபோடவா?"

கோமளா சிரிக்கவில்லை. அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் கட்டி, "இந்த நேரத்துக்குச் சர்க்கரைதான் மருந்து" என்று ஒரு வரி சேர்த்தாள். ஜன்னத் அதை இரண்டு தடவை வாசித்துத் தலையாட்டினாள்.

இதையெல்லாம் சென்னகேசவன் ஜன்னல் வழியாகக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நோட்டீஸில் அதே விஷயம் "குருதிச் சர்க்கரை தாழ்வுறுங்கால் தக்க பரிகாரம் தேடுக" என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. எவ்வளவு கச்சிதம். இவள் பாட்டுக்கு ஒன்பது வரி எழுதுகிறாள், அதையும் இந்த டாக்டர் பல்லைக் காட்டிக்கொண்டு பார்க்கிறார்.

இரண்டு நாள் கழித்து கோமளா மருந்து ஜன்னலுக்கு வந்தாள். கையில் அவருடைய பழைய நோட்டீஸ் இருந்தது.

"ஏனுங்கண்ணா, கடைசியில ஒரு அட்டவணை போட்டிருக்கீங்களே, நாற்பது வலிமை, எண்பது வலிமைன்னு. இது வேணுங்களா? ஜன்னத்தம்மா இதைப் பார்த்ததும் பயந்துக்கறாங்க. நம்மகிட்ட நாற்பதுதானுங்களே வருது?"

அந்த அட்டவணையின் அருமை சென்னகேசவனுக்குத் தெரியும். அந்தக் காலத்துச் சிரிஞ்சில் இருபது கோடு இருக்கும். இன்சுலின் இரண்டு வலிமையில் வரும். நாற்பது என்று எழுதிய புட்டி என்றால் ஒரு கோட்டுக்கு இரண்டு அலகு மருந்து, எண்பது என்றால் ஒரு கோட்டுக்கு நாலு அலகு. யாகூப்புக்கு வேண்டியது இருபது அலகு. நாற்பது புட்டியில் அது பத்துக் கோடு, எண்பது புட்டியில் ஐந்தே கோடு. எண்பதில் பத்துக் கோடு இழுத்தால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆளுக்கு ஆபத்து.

அவருடைய மேஜை இழுப்பறையில் கம்பெனி ஏஜெண்டின் கடிதம் கிடந்தது. அடுத்த சரக்கில் நாற்பது கிடைக்காது, எண்பதுதான் அனுப்புவோம் என்று அதில் எழுதியிருந்தார்கள். நாலு நாளுக்கு முன்னால் வந்த கடிதம். அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"ஆமாங்க அம்மணி. நம்மகிட்ட நாற்பதுதான் இருக்குது," என்றார்.

அந்த நிமிஷத்துக்கு அது பொய்யில்லை. அலமாரியில் இருந்தது அத்தனையும் நாற்பதுதான். கோமளா நன்றி சொல்லிவிட்டுப் போய் அட்டவணையை எடுத்துவிட்டாள். "உங்களுக்கு ____ கோடு" என்று மட்டும் ஓர் இடம் விட்டாள், டாக்டர் நிரப்புவதற்கு.

அச்சாபீஸிலிருந்து புரூப் வந்தபோது டாக்டர் அதைச் சென்னகேசவனிடமே அனுப்பினார். மருந்து விஷயம் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும், அதுதான் ஆஸ்பத்திரி வழக்கம். மனுஷன் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நெஞ்சுக்குள் ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. எண்பது சரக்கு வந்ததும் முதல் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போக வேண்டும். "உங்க கோமளா எழுதின நோட்டீஸ்படி இதைப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க" என்று சொல்ல வேண்டும். அவள் முகம் சுண்டிப்போக வேண்டும். அது போதும். கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

ஆயிரம் தாள் அச்சாகி வந்தது. முதலாளி வீட்டு அம்மா வெங்கடலட்சுமி ஒரு தாளை வாங்கி உரக்கப் படித்துவிட்டு, "நம்ம வேலைக்காரம்மாவுக்குக்கூடப் புரியும் போலிருக்குதே," என்று கோமளாவின் கன்னத்தைத் தட்டினார். மறுநாள் காலை சென்னகேசவன் கதவைத் திறந்தபோது, சட்டத்துக்குள் அவருடைய நெறிமுறைகளைக் காணோம். "வீட்டில் இன்சுலின் ஊசி போடுவது எப்படி?" என்று பெரிய எழுத்தில் அவளுடைய தாள் இருந்தது. அன்று அவர் சட்டத்தைத் துடைக்கவில்லை.

யாகூப் புண் ஆறி வீட்டுக்குப் போனார். அவர் தாளில் டாக்டர் "பத்து" என்று நிரப்பியிருந்தார்.

அடுத்த வாரம் பெருந்துறையில் சென்னகேசவனின் மச்சினன் மகள் கல்யாணம். புதன்கிழமையும் வியாழன் காலையும் லீவு. ஜன்னலில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் சுப்பண்ணனை உட்கார வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை முகூர்த்தச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து, மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். அலமாரியைத் திறந்தால் புதுப் பெட்டி. லேபிளில் எண்பது. ஒரு புட்டி குறைந்தது.

"இது எப்ப வந்தது?"

"நேத்து மத்தியானமே வந்துருச்சுங்க," என்றார் சுப்பண்ணன். "பழைய புட்டி தீந்துபோச்சுங்களே. அந்தப் பெட்டிக்கார பாய்க்கு மட்டும் ஒண்ணு குடுத்தேனுங்க. அதே மருந்துதானுங்களே?"

அதே மருந்துதான். ஆனால் கோடு வேறு. யாகூப் நேற்று வாங்கியிருந்தால் இன்று காலையில் போட்டிருப்பார். பால் போலக் கலங்கலாக இருக்கும் இந்த இன்சுலின் மெதுவாகத்தான் வேலை செய்யும், காலையில் போட்டால் மத்தியானத்துக்கு மேல்தான் முழு வேகம் எடுக்கும். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது, அவர் இறங்கவில்லை. அவினாசி ரோடு முழுக்க ஒரே நினைப்பு. நான் சொல்லியிருந்தால், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். கையெழுத்துப் போட்ட கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கோட்டைமேட்டுச் சந்தில் யாகூப்பின் வீட்டு வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சென்னகேசவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். யாகூப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு லோட்டாவும் சர்க்கரை டப்பாவும். ஜன்னத்தின் மடியில் அந்த நோட்டீஸ்.

"வாங்க கம்பவுண்டரய்யா," என்றாள் ஜன்னத். "ரெண்டு மணிக்கு இருந்தாப்புல வேர்த்துக் கொட்டுச்சுங்க. கை நடுங்குச்சு. பேச்சுக் குழறிப்போச்சு. அக்கம்பக்கத்துல பேய் புடிச்சிருக்குதுன்னாங்க. நான் இந்தக் கட்டம் கட்டுன இடத்தைப் பார்த்தேனுங்க."

அவள் விரலை வைத்து அவருக்கே வாசித்துக் காட்டினாள், எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக.

"உடம்பு வியர்த்தால், கை நடுங்கினால், பேச்சுக் குழறினால், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இந்த நேரத்துக்குச் சர்க்கரைதான் மருந்து. பத்து நிமிஷத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். பிறகு சோறோ ரொட்டியோ சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்."

"ரெண்டு தடவை குடுத்துட்டேனுங்க. ரொட்டியும் தின்னுட்டார். நான் செஞ்சது சரிங்களா?"

"சரிங்கம்மா," என்றார் சென்னகேசவன். தக்க பரிகாரம் தேடுக என்ற தாள் இந்த வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மருந்தின் வேகம் ராத்திரி வரை போகாது, சர்க்கரை மறுபடி இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். வாடகைக் கார் பிடித்து, சைக்கிளை அதன் மேலே கட்டி, யாகூப்பை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சென்னகேசவன் வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே கிடந்தார். மறுநாள் காலை யாகூப் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

பத்து மணிக்கு டாக்டர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் எண்பது புட்டியும் கோமளாவின் நோட்டீஸும் இருந்தன.

"புட்டி மாறினா கோடும் மாறும்னு உனக்குத் தெரியாதா அம்மணி? அந்த அட்டவணையை ஏன் எடுத்தே?"

"தெரிஞ்சிருக்கோணுங்க டாக்டர். வேற புட்டியும் வரும்னு நான் நினைச்சுப் பார்க்கலீங்க. என் தப்புதானுங்க."

கம்பவுண்டரைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று அவள் சொல்வாள் என்று சென்னகேசவன் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது, அவர் எப்படிப் பார்க்க ஆசைப்பட்டாரோ அப்படியே.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எளிமை பண்றேன்னு ஆளைத் தூக்கிட்டா என்ன பிரயோசனம்? கம்பவுண்டர், உங்க பழைய நோட்டீஸே இருக்கட்டுங்க. புரியுதோ இல்லையோ, அதுல தப்பில்லை. இந்த ஆயிரத்தையும் கொளுத்திப்போடச் சொல்லுங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. சட்டம் அவருடையது, தமிழ் அவருடையது, டாக்டர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. பேசாமல் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் போதும். ஆனால் அவர் காதில் ஜன்னத் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கொளுத்த வேண்டாமுங்க," என்றார் சென்னகேசவன். காலையில் இழுப்பறையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்த ஏஜெண்டின் கடிதத்தை மேஜை மேல் வைத்தார். "அந்த அம்மணி என்னைக் கேட்டாங்க. அப்பவே எனக்கு இது தெரியுங்க. புரூப்ல கையெழுத்துப் போடறப்பவும் தெரியுங்க. வேணும்னேதான் சொல்லாம விட்டேன்."

"ஏன்?" என்றார் டாக்டர்.

"பொறாமைங்க."

டாக்டர் கடிதத்தின் தேதியைப் பார்த்தார், புரூப்பில் இருந்த கையெழுத்தின் தேதியையும் பார்த்தார். பிறகு, "மருந்து ஸ்டோர் சாவியை வெச்சிட்டுப் போங்க," என்றார். பதினாறு வருஷம் மடியில் இருந்த சாவி. சென்னகேசவன் எடுத்து வைத்தார்.

வெளியே வராந்தாவில் கோமளா அவரைத் தாண்டிப் போனாள். நாலு அடி போய் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்தாள் செத்திருந்தா என்னங்கண்ணா பண்ணியிருப்பீங்க?"

அவள் ஒரு பென்சிலையும் துண்டுக் காகிதத்தையும் நீட்டினாள்.

"புட்டியைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதுங்க. ஜன்னத்தம்மா வார்டுலதான் இருக்காங்க."

எழுதினார். "எண்பது வலிமையுடைய மருந்தாயின்" என்று ஆரம்பித்ததை அவரே அடித்தார். அடுத்ததைக் கோமளா கொண்டுபோய் ஜன்னத்திடம் கொடுத்தாள், 'வலிமை' என்ற இடத்தில் ஜன்னத் நின்றுவிட்டாள். அதையும் அடித்தார். மூன்றாவது தடவை இப்படி எழுதினார்: "முதலில் புட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 40 என்றால் ____ கோடு. 80 என்றால் ____ கோடு. வேறு எண் இருந்தால் ஊசி போடாதீர்கள். புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்."

டாக்டர் இடத்தை நிரப்பினார், முதலில் பத்து, அடுத்ததில் ஐந்து. கோமளா தண்ணீர் ஊற்றிய எண்பது புட்டியை ஜன்னத்தின் கையில் வைத்தாள். ஜன்னத் தாளை வாசித்தாள். புட்டியைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். சிரிஞ்சை ஐந்தாம் கோடு வரை இழுத்து நிறுத்தினாள்.

"நர்ஸம்மா எழுதினா எழுதினதுதானுங்க," என்றாள் ஜன்னத். "கண்ணுல ஒத்திக்கலாம். ஏன் கம்பவுண்டரய்யா, இப்படி எழுத நீங்களும் இவங்ககிட்டக் கத்துக்கக் கூடாதுங்களா?"

கோமளா வாயைத் திறந்தாள். சென்னகேசவன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

வயிறு எரியத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். எரியட்டும் என்று விட்டுவிட்டு, ஏற்கெனவே நோட்டீஸ் வாங்கிப்போன பத்தொன்பது பேரின் முகவரியை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அவர்கள் தாளிலும் அந்த வரிகளை எழுதிச் சேர்க்க மசிப்புட்டியைப் பையில் போட்டு, கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டி, முதல் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.